ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் மட்டும் நினைவிருந்தால்: பாட்டைத் தேடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பாட்டில் ஒரே ஒரு வரி மனதில் நிற்கும். அதிலும் தெளிவாக இருப்பது ஓர் ஊர்ப்பெயரோ ஆள்பெயரோதான். பெயரே தெரிகிறதே, உடனே கிடைத்துவிடும் என்று தேட ஆரம்பிப்போம். அந்தப் பெயரே நம்மை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

முதல் தவறு, பெயரை மட்டும் தட்டுவது. 'தர்மபுரி பாட்டு' என்று தேடினால் 2006இல் விஜயகாந்த் நடித்து வந்த 'தர்மபுரி' படத்தின் பாடல்கள்தான் முன்னே வரும். நமக்கு வேண்டியது வரிக்குள் தர்மபுரி வரும் பாட்டு. தேடுபொறி படத்தின் பெயரில் தர்மபுரி இருப்பதைக் கொடுக்கிறது. 'கிருஷ்ணகிரி' என்று தட்டினால் அணையும் மாங்காய் விலையும் மாவட்டச் செய்தியும் வந்து நிற்கும். ஊர்ப்பெயர் பாட்டுக்கு மட்டும் சொந்தமானதல்ல என்பதால், அது தனியாக எதையும் அடையாளம் காட்டாது. அதற்கு முன்னும் பின்னும் வரும் சொல்தான் காட்டும்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். பாலக்கோடு பக்கம் திருவிழாவில் ஒலிபெருக்கியில் கேட்ட பாட்டு, ஆண்குரல், நாட்டுப்புற மெட்டு, 'தாமிரபரணி தண்ணிய' என்று ஏதோ வரும். இவ்வளவுதான் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். 'தாமிரபரணி பாட்டு' என்று தேடினால் 2007இல் விஷால் நடித்த 'தாமிரபரணி' படப் பாடல்கள் வரும். பலர் அங்கேயே உட்கார்ந்து அந்தப் படத்தின் எல்லாப் பாடல்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்து, இல்லை என்றதும் தன் நினைவே தப்பு என்று விட்டுவிடுகிறார்கள். நினைவு சரியாகத்தான் இருக்கிறது. பக்கத்துச் சொல்லான 'தண்ணி'யை விட்டதுதான் பிழை. அதையும் சேர்த்து இப்படித் தேட வேண்டும்:

```
"தாமிரபரணி தண்ணிய" பாடல் வரிகள்
thamirabarani thanniya lyrics
தாமிரபரணி தண்ணி பாட்டு -விஷால்
```

முதல் வரியில் மேற்கோள் குறி இருப்பதால் அந்த இரண்டு சொல்லும் அதே வரிசையில் வரும் பக்கங்களுக்கே முன்னுரிமை கிடைக்கும். மூன்றாவதில் உள்ள கழித்தல் குறி, விஷால் பெயர் வரும் பக்கங்களை ஒதுக்கும். குறிக்கும் சொல்லுக்கும் இடையே இடைவெளி விடக்கூடாது. இப்படிப் போனால் கிடைப்பது 'தஞ்சாவூரு மண்ணு எடுத்து' என்று தொடங்கும் பாட்டு. படம் 1997இல் வந்த 'பொற்காலம்', இசை தேவா, வரிகள் வைரமுத்து, பாடியவர் கிருஷ்ணராஜ். படத்தில் முரளி மண்பாண்டம் செய்பவர்; பாட்டும் மண்ணெடுத்துப் பொம்மை செய்வதைப் பற்றியது.

இந்தப் பாட்டிலேயே இன்னொரு தவறும் தெரிகிறது. பாட்டுப் பட்டியல்கள் எல்லாம் பல்லவியின் முதல் சொற்களை வைத்துத்தான் இருக்கும். நமக்குத் தெரிந்த 'தாமிரபரணி' முதல் சொல்லில் இல்லை. ஊர்ப்பெயர்கள் சரணத்தில் வருவது இன்னும் சகஜம். ஊர் ஊராக அடுக்கிப் பாடும் பாட்டுகளில் நமக்கு நம் பக்கத்து ஊரோ, மாமியார் ஊரோ மட்டும்தான் காதில் தங்கும். அதனால் படப்பாட்டுப் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடிவிட்டு 'இல்லை' என்று முடிவு கட்டக் கூடாது. முழு வரிகளும் உள்ள பக்கத்தில்தான் தேட வேண்டும்.

அடுத்தது எழுத்து. பாட்டில் கேட்டதை எழுத்துத் தமிழாகத் திருத்தித் தட்டுவது பெரிய தவறு. 'தஞ்சாவூர் மண் எடுத்து' என்று நீங்கள் திருத்தினால், 'தஞ்சாவூரு மண்ணு' என்று இருக்கும் பக்கம் மேற்கோள் தேடலில் தவறிப் போகும். கேட்டபடியே முதலில் எழுதுங்கள். அதற்குப் பிறகு மாற்று வடிவங்கள்: தர்மபுரி, தருமபுரி, ஒகேனக்கல், ஹொகேனக்கல், ராசாத்தி, ராஜாத்தி. பாடல் வரிப் பக்கங்களில் பெரும்பகுதி ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுபவை, அங்கே ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள். `tamirabarani`, `thamirabarani`, `thaamirabharani` மூன்றையும் முயலாமல் விடாதீர்கள். ஆங்கில எழுத்தில் தேடும்போது மேற்கோள் குறி வேண்டாம். ஓர் எழுத்து மாறினாலும் அது கதவைச் சாத்திவிடும்.

ஆள்பெயரில் சிக்கல் வேறு மாதிரி. பாட்டில் வரும் ராசாத்தி, கண்ணம்மா போன்றவை பெரும்பாலும் கொஞ்சி விளிப்பதுதான், கதாநாயகியின் பெயர் அல்ல. ராசாத்தி என்ற பாத்திரம் எந்தப் படத்தில் என்று தேடிக்கொண்டிருந்தால் 'வைதேகி காத்திருந்தாள்' (1984) பக்கம் போகவே மாட்டீர்கள். 'ராசாத்தி உன்ன' என்பது அந்தப் படம். 'ராசாத்தி என் உசுரு' என்றால் 'திருடா திருடா' (1993). பெயருக்கு அடுத்த ஒரே சொல் ஒன்பது வருடத்தைப் பிரித்துக் காட்டுகிறது. 'மீனம்மா'வும் அப்படித்தான்: 'ராஜாதி ராஜா' (1989) படத்தில் ஒன்று, 'ஆசை' (1995) படத்தில் ஒன்று. முதலில் கிடைத்ததைக் கேட்டுவிட்டு 'மெட்டு கொஞ்சம் மாறின மாதிரி இருக்கு' என்று சமாதானம் செய்துகொள்ளாதீர்கள். மெட்டு மாறியிருந்தால் அது வேறு பாட்டு என்றே எடுத்துக்கொண்டு மேலே தேடுங்கள்.

பெயரின் வால் மட்டும் நினைவிருக்கும் நிலைமை இன்னும் கடினம். 'என்னடி ...ம்மா' என்று மட்டும் தெரிந்தால் அது 'பட்டிக்காடா பட்டணமா' (1972) படத்தின் 'என்னடி ராக்கம்மா'வாக இருக்கலாம், டி.கே.எஸ். நடராஜன் பாடிய 'என்னடி முனியம்மா'வாகவும் இருக்கலாம். இங்கே பெயரை ஊகித்து நிரப்பாமல், அடுத்து பல்லாக்கு வருகிறதா, கண்ணு மையி வருகிறதா என்று யோசிப்பதே வழி. முனியம்மா பாட்டு 2006இல் 'வாத்தியார்' படத்தில் புது இசையோடு மறுபடி வந்தது. ஆகவே நீங்கள் கேட்டது பழைய குரலா, புதிய தாளமா என்பதையும் பிரித்துக்கொள்ள வேண்டும். வரி பொருந்துவதால் மட்டும் நீங்கள் கேட்ட ஒலிப்பதிவு கிடைத்துவிட்டதாக ஆகாது.

பெரியவர்களிடம் கேட்கும்போது ஒரு சின்ன எச்சரிக்கை. "அது எம்.ஜி.ஆர். படம்தானே மாமா?" என்று ஆரம்பித்தால் அவர் நினைவும் அந்தப் பக்கமே சாயும். உங்களுக்குத் தெரிந்த சொற்களை மெட்டோடு பாடிக் காட்டிவிட்டு நிறுத்துங்கள்.

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கூடுதலாக இரண்டு விஷயம் உண்டு. ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் காதில் விழும் பாட்டு தெலுங்கோ கன்னடமோ ஆக இருக்கலாம். மொழிமாற்றுப் படங்களில் பாட்டெழுதுபவர் ஊர்ப்பெயரையும் ஆள்பெயரையும் மாற்றிவிடுவார். மெட்டு சரியாக இருந்து பெயர் மட்டும் ஒட்டவில்லை என்றால், அதே படத்தின் மற்ற மொழிப் பதிப்பைக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது விஷயம், கூத்து. பென்னாகரம், அரூர் பக்கத் தெருக்கூத்திலும் அம்மன் திருவிழாப் பாட்டிலும் ஊர்ப்பெயர் நிலையானதல்ல. எந்த ஊரில் ஆட்டமோ அந்த ஊர்ப்பெயரைக் கூத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் வரிக்குள் வைத்துப் பாடுவார். நீங்கள் கேட்ட ஊர் அன்றிரவு மட்டும் அதில் இருந்திருக்கலாம். அப்படிப்பட்ட பாட்டில் பெயரை முழுதாக எடுத்துவிட்டு, மீதி வரியையும் எந்தக் கூத்தில் எந்த வேஷக்காரர் பாடியது என்பதையும் வைத்து அந்தக் கூத்துக் குழுவான ஜமாவின் வாத்தியாரிடமோ பின்பாட்டுக்காரரிடமோ கேளுங்கள். பெயரைச் சொல்லிக் கேட்டால் அவர்களே 'அப்படி ஒரு பாட்டு இல்லையே' என்பார்கள்.