‘சொட்டு மருந்து தருகிறார்கள்’ என்று எழுதிவிட்டு நகராதீர்கள்

சென்ற வாரம் புதிதாகச் சேர்ந்த பயிற்சி மருத்துவர் ஒருவர், வியாசர்பாடியிலிருந்து வந்த குழந்தையின் குறிப்பேட்டில் ‘வைட்டமின் டி சொட்டு: தருகிறார்கள்’ என்று எழுதியிருந்தார். பல ஆண்டுகளுக்கு முன் நானும் அதையே எழுதியவன் என்பதால், அந்த வரியைக் கண்டால் இன்றும் எரிச்சல் வருகிறது.

மருந்தின் பெயர் மட்டும் போதாது

அன்று என்னிடம் வந்தவள் பதினைந்து மாதப் பெண் குழந்தை. கொருக்குப்பேட்டையில் சந்துக்குள் இருந்த ஒற்றை அறை வீடு. “தினமும் விடாம குடுக்கிறேன் டாக்டர்” என்று தாய் சொன்னதை அப்படியே நம்பி, எலும்பு வலுவிழந்து வளையும் ரிக்கெட்ஸ் நோயின் அபாயம் குறைவு என்று முடித்துவிட்டேன். ஐந்து மாதம் கழித்து அவள் வந்தபோது மணிக்கட்டுகள் தடித்திருந்தன. எக்ஸ்ரேயில் முன்கை எலும்புகளின் நுனி கிண்ணம்போல் குழிந்து, ஓரம் நைந்து தெரிந்தது.

அப்போதுதான் புட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். ஒரு மில்லியில் 400 யூனிட் கொண்ட 30 மில்லி புட்டி அது. ஒரு வயதைக் கடந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு 600 யூனிட் தேவை என்பதால் ஒன்றரை மில்லி தர வேண்டும். அப்படித் தந்திருந்தால் இருபது நாளில் புட்டி காலியாகியிருக்கும். வாங்கித் தொண்ணூறு நாளாகியும் பாதி மீதமிருந்தது. அதாவது நாளொன்றுக்குச் சுமார் 67 யூனிட்தான் உள்ளே போயிருக்கிறது. ‘சொட்டு மருந்து’ என்ற பெயரைக் கேட்டு அந்தத் தாய் நாலு சொட்டு மட்டும் எண்ணி ஊற்றியிருக்கிறார். அவர் சொன்னதில் பொய்யே இல்லை, கேள்விதான் பிழை.

ஆகவே மருந்தின் செறிவு, தரும் மில்லி, வாங்கிய தேதி, புட்டியில் மீதம் ஆகிய நான்கையும் எழுதுங்கள். கடைகளில் ஒரு மில்லிக்கு 800 யூனிட் கொண்டதும் கிடைக்கிறது. கால்சியம் சிரப்பையே டி மருந்து என்று நினைப்பவர்களும் உண்டு.

‘பால் குடிக்கிறாள்’

எவ்வளவு, எத்தனை தண்ணீர் கலந்து? இந்தக் குழந்தை குடித்தது ஒரு 200 மில்லி டம்ளர், அதில் பாதி தண்ணீர். மீதமுள்ள 100 மில்லி பாலில் ஏறத்தாழ 120 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். கேழ்வரகோ தயிரோ வீட்டில் வழக்கமில்லை. நாள் முழுவதும் கிடைக்கும் கால்சியம் 300 மில்லிகிராமுக்குக் கீழே போனால், வைட்டமின் டி போதுமான அளவில் இருந்தாலும் ரிக்கெட்ஸ் வரலாம்.

‘வாசலில் விளையாடுகிறாள்’

அந்தச் சந்தில் வெயில் விழுவது உச்சிவேளையில் மட்டும். அப்போது அவள் தூங்குகிறாள்.

60,000 யூனிட் குப்பி

தினசரி மருந்து அன்று. தவறி அன்றாடம் தந்துவிடுகிறார்களா என்று கேளுங்கள்.

உயரத்தை ஒருமுறை அளந்து விடுவது

அவளது நீளம் ஐந்து மாதத்தில் ஒன்றரை சென்டிமீட்டரே கூடியிருந்தது. அந்த வயதில் ஏறக்குறைய ஐந்து கூட வேண்டும். பழைய அளவு அட்டையில் இருந்ததால்தான் அது தெரிந்தது. இரண்டு வயதுவரை படுக்க வைத்தே அளக்க வேண்டும். நிற்க வைத்தால் சுமார் 0.7 சென்டிமீட்டர் குறைத்துக் காட்டும். எப்படி அளந்தோம் என்பதையும் தேதியுடன் எழுதாவிட்டால், அடுத்த முறை தெரியும் வேறுபாடு வளர்ச்சியா, அளவுப் பிழையா என்று சொல்ல முடியாது.