ரெண்டு பக்க பயோடேட்டாவ அம்பது வார்த்தைக்குள்ள கொண்டு வர்றது எப்படி

எங்க சுங்கை சிப்புட்ல ஒரு தமிழ்ப்பள்ளி டேவான்ல நிகழ்ச்சி, புரோகிராம் புக் அடிக்கிற வேலை என் தலையில. பேச்சாளர் ஒரு ரிட்டையர்டு தலைமையாசிரியர், வாட்ஸ்அப்ல அனுப்புனது 412 வார்த்தை, புக்ல இடம் இருக்கிறது அம்பதுக்குத்தான். பேர் வேணாம், சார்னே சொல்றேன்.

முன்ன ஒரு தடவ இதே வேலைய முதல் அம்பது வார்த்தைய மட்டும் வச்சிட்டு மிச்சத்த வெட்டி செஞ்சேன். எந்த எஸ்டேட்ல பிறந்தார், எந்த ஸ்கூல்ல படிச்சார்ங்கிறதோட நின்னு போச்சு, அவர் என்ன பேச வந்தார்னே யாருக்கும் தெரியல. பயோடேட்டா பிறப்புலேர்ந்து ஆரம்பிக்கும், முக்கியமான விசயம் கடைசியிலதான் கிடக்கும்லா.

1. முதல்ல அவர் அன்னிக்கு எதுக்கு மேடை ஏறுறார்னு ஒரு வரி எழுதுங்க. சார் பேசப்போறது தோட்டத்துப் பாட்டிமார் பாடுன பாட்டுங்கள பத்தி. இப்ப அந்த 412 வார்த்தைய படிச்சு, இதோட ஒட்டுறத மட்டும் ஹைலைட் பண்ணுங்க. ஒன்பது சங்கத்துப் பொறுப்பு, போன கோர்ஸ், வாங்குன நற்சான்றிதழ் எதுவும் ஒட்டல. எனக்கு மிஞ்சுனது நாலே வரி.

2. பழைய ஃபைல்லயே வெட்டிக்கிட்டு இருக்காதீங்க, ஒவ்வொன்னையும் எடுக்க மனசு வராது. புது பக்கம் திறந்து அந்த நாலு வரிய மட்டும் கொண்டு போங்க.

3. அடுத்து சதைய குறைக்கணும். சார் எழுதுன ஒரு வரி இது:

"2012-ஆம் ஆண்டு தொடங்கி இன்று வரை தோட்டப்புறங்களில் வாழும் மூதாட்டிகளைச் சந்தித்து அவர்களிடமிருந்து நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரிக்கும் அரிய பணியைச் செவ்வனே ஆற்றி வருகிறார் என்பது குறிப்பிடத்தக்கது."

20 வார்த்தை. "சேகரிக்கும்"லேர்ந்து கடைசி வரைக்கும் எட்டு வார்த்தை, அத்தனைக்கும் சேர்த்து "சேகரிக்கிறார்"னு ஒன்னு போதும், விசயம் எதுவும் குறையல. நம்ம தமிழ் பயோடேட்டால கொழுப்பு பெரும்பாலும் வரியோட வால்லதான் இருக்கும், அங்கேர்ந்து வெட்ட ஆரம்பிங்க.

4. "அரிய பணி"ய எடுத்துட்டா அந்த இடத்துல ஏதாவது நம்பர் வைக்கணும். சாருக்கு போன் போட்டு, எத்தன பாட்டு சார் இருக்குன்னேன், "140 இருக்கும் தம்பி, முதல் பாட்டு எங்கம்மா பாடுனது, என் கைப்பேசியிலயே பிடிச்சேன்"னார். இது ரெண்டும் அந்த 412 வார்த்தையில எங்கயுமே இல்ல!

5. இப்ப கோர்த்து எழுதுங்க. இன்னிக்கு பேச்சுக்கு சம்பந்தப்பட்டது முதல் வரியில, வேலை பார்த்த கதை நடுவுல:

"சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் பாட்டிமார் பாடிய தாலாட்டு, ஒப்பாரி, வேலைப் பாடல்களை 2012 முதல் பதிவுசெய்து வருபவர். இதுவரை 140 பாடல்களைக் குரல்பதிவாகச் சேர்த்திருக்கிறார். பால்வெட்டுத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, 34 ஆண்டுகள் தமிழ்ப்பள்ளி ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவர். முதல் பாடலைத் தம் தாயாரிடம் கைப்பேசியில் பதிவுசெய்தார். இன்று அந்தப் பாடல்களில் சிலவற்றை ஒலிக்கச் செய்து, அவை பிறந்த கதையைச் சொல்கிறார்."

47 வார்த்தை. பேரும் பி.ஜே.கே. பட்டமும் மேல தலைப்பா தனியா போகுது, அத எண்ணல. பட்டத்த மட்டும் நீங்களா வெட்டிடாதீங்க, பெரிய சண்டையாயிரும்.

6. எண்றதுல ஒரு சிக்கல் இருக்கு. வேர்ட் ஸ்பேஸ பார்த்துத்தான் எண்ணும். "பதிவுசெய்து"னா ஒன்னு, "பதிவு செய்து"னா ரெண்டு. அதுக்காக எல்லாத்தையும் ஒட்டி ஒட்டி எழுதி அம்பதுக்குள்ள அடக்குனா லேஅவுட்ல மாட்டிக்குவீங்க, ஏன்னா தமிழ் வார்த்தை நீளம், பக்கத்துல இருக்கிற மலாய் அம்பது வார்த்தைய விட நம்மளுது கூடுதலா இடம் பிடிக்கும். புக் டிசைன் பண்றவர்கிட்ட எத்தன வரி வரலாம்னு கேட்டுக்குங்க.

7. சத்தமா ஒரு தடவ வாசிங்க, எப்படியும் எம்.சி. இதையேதான் மேடையில வாசிப்பார். நிதானமா வாசிச்சா அரை நிமிசம் வரும். மூச்சு வாங்குற இடத்துல வரிய ரெண்டா உடைங்க.

8. அச்சுக்குப் போறதுக்கு முன்ன ஆளுக்கே அனுப்பிக் காட்டுங்க, அதனாலதான் முழு அம்பதையும் நிரப்பாம ரெண்டு மூணு வார்த்தைய கையில வச்சுக்கிறது. சங்கத்துப் பொறுப்பெல்லாம் எங்கன்னு சார் கேப்பார்னு பயந்துக்கிட்டே இருந்தேன், அத கேக்கவே இல்ல. "தாயாரிடம்னு போட்டிருக்கே தம்பி, எங்கம்மா பேர போட முடியுமா"ன்னார்.

போட்டேன். 48.