மைண்ட் மேப் வரைந்து கட்டுரை எழுதுவது எப்படி: படம் அழகாக வந்தும் நாங்கள் மாட்டிக்கொண்ட இடம்

அக்கா பெண் 11-ஆம் வகுப்பு. பள்ளியில் கட்டுரைப் போட்டி, தலைப்பு ‘தமிழ்நாட்டின் ஏரிகள்’. மைண்ட் மேப் போட்டு எழுதினால் சுலபம் என்று நான்தான் பெருமையாகச் சொல்லி வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க உட்கார்ந்து வரைந்தோம். நடுவில் நீல நிறத்தில் ஏரி, சுற்றி எட்டுக் கிளை, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்கெட்ச் பேனா, கரை மேல் ஒரு கொக்கு கூட உண்டு. எல்லாம் முடிந்ததும் அவள் நிமிர்ந்து பார்த்து, “சித்தி, படம் சூப்பரா இருக்கு, ஆனா இதுல எதை முதல்ல எழுதறது?” என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தப் படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி வரைந்தபோது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அதே ஏரிக் கட்டுரையையே உதாரணமாக வைத்துக்கொள்ளலாம்.

தாள், பேனா

கோடு போடாத A4 தாள், படுக்கை வாக்கில். பென்சில், அழிப்பான், இரண்டே நிறத்தில் பேனா. பன்னிரண்டு நிற ஸ்கெட்ச் பேனா செட் வேண்டாம், அது கையில் இருந்தால் யோசிப்பதை விட்டுவிட்டுக் கொக்கு வரைவோம்.

முதலில் படமே வேண்டாம், கொட்டுங்கள்

தனியாக ஒரு ரஃப் தாளில் பத்து நிமிடம், மனதில் வந்ததையெல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள். வரிசை பார்க்க வேண்டாம். அவள் எழுதியது, பாடப் புத்தகத்திலும் தாத்தாவிடமும் கேட்டுச் சேர்த்தது, ஏறக்குறைய இப்படி இருந்தது: வரத்துக்கால், கரை, மதகு, கலிங்கு, ஆயக்கட்டு, 39,000 ஏரிகள், உத்திரமேரூர் ஏரி வாரியம், குடிமராமத்து, நீர்க்கட்டி, வண்டல், சீமைக்கருவேலம், ஆக்கிரமிப்பு, போர்வெல், வீராணம், நிலத்தடி நீர், வெள்ளம். இதில் வரத்துக்கால் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற கால்வாய், மதகு வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற கதவு, ஆயக்கட்டு அந்தத் தண்ணீர் பாய்கிற நிலம், ஏரி வாரியம் ஏரியைக் கவனித்த ஊர்க் குழு, குடிமராமத்து ஊரே கூடிச் செய்கிற பராமரிப்பு, நீர்க்கட்டி தண்ணீரைப் பங்கிட்டு விடுகிற ஆள், வீராணம் ஓர் ஏரி.

முதல் தடவை நாங்கள் இதைச் செய்யவில்லை. நேராக நடுவில் வட்டம் போட்டுக் கிளை இழுத்தோம். கிளையை முதலில் இழுத்துவிட்டால் அதில் தொங்கவிடத்தான் சரக்குத் தேடுவோமே தவிர, இருக்கிற சரக்குக்கு ஏற்ற கிளை வராது.

கிளைப் பெயர் வைப்பது (நாங்கள் விழுந்த பள்ளம்)

எங்கள் முதல் படத்தில் இருந்த கிளைகள்: முன்னுரை, வரலாறு, வகைகள், நன்மைகள், பிரச்சினைகள், தீர்வுகள், அரசுத் திட்டங்கள், முடிவுரை. பார்க்க ஒழுங்காகத்தான் தெரியும். ஆனால் நடுவில் இருக்கிற ‘ஏரி’யை அழித்துவிட்டு ‘பிளாஸ்டிக்’ என்று எழுதிப் பாருங்கள், ஒரு கிளையைக் கூட மாற்ற வேண்டியிருக்காது. அப்படியென்றால் அந்தக் கிளைகள் ஏரியைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை என்று அர்த்தம். இப்போதெல்லாம் எந்த மைண்ட் மேப்பைப் பார்த்தாலும் நான் முதலில் செய்வது இந்தச் சோதனைதான். எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற கிளைப் பெயரைப் பென்சிலால் அடித்துவிடுவேன்.

நடுவில் எழுதுகிற வார்த்தையிலும் இதே தவறு. ‘ஏரி’ என்று எழுதினால் அது வெறும் பெயர், எங்கே வேண்டுமானாலும் போகலாம். நாங்கள் அதை ‘ஏரியை யார் கைவிட்டது?’ என்று மாற்றினோம். கேள்வியாக வைத்ததும் ரஃப் தாளில் இருந்த வார்த்தைகள் தானாகவே பிரிய ஆரம்பித்தன. கடைசியில் எட்டுக் கிளை நான்கானது:

- தண்ணீர் வரும் வழி, போகும் வழி: வரத்துக்கால், கரை, மதகு, கலிங்கு, ஆயக்கட்டு
- யார் பார்த்துக்கொண்டார்கள்: ஏரி வாரியம், குடிமராமத்து, நீர்க்கட்டி, வண்டல்
- ஏன் விட்டுவிட்டார்கள்: போர்வெல், ஆக்கிரமிப்பு, சீமைக்கருவேலம், மறுபடியும் வண்டல்
- இப்போது யாருக்கு வேண்டும்: வீராணம், நிலத்தடி நீர், வெள்ளம்

39,000 எங்கேயும் ஒட்டவில்லை. ஒட்டாததை ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு வைத்துவிடுங்கள், வலுக்கட்டாயமாகக் கிளையில் மாட்டாதீர்கள். ஒரு கிளையில் ஒன்பது சிறு கிளையும் இன்னொன்றில் ஒன்றும் இருந்தால் பெரியதைப் பிளக்க வேண்டும், அல்லது சின்னதை வேறொன்றில் சேர்க்க வேண்டும்.

‘வண்டல்’ இரண்டு இடத்தில் வருகிறதே, எதில் வைப்பது என்று அவள் குழம்பினாள். இரண்டிலும் வைக்கச் சொன்னேன். இப்படி இரண்டு பக்கமும் இழுக்கிற வார்த்தைதான் கட்டுரையில் வேலை செய்யப் போகிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

தாளில் வரைவது

இதில் சொல்ல அதிகம் இல்லை. நடுவிலிருந்து தடிமனான கோடு, அதிலிருந்து மெல்லிய கோடு, வார்த்தையைக் கோட்டின் மேலேயே எழுதுங்கள். எல்லா வார்த்தையும் நேராக இருக்கட்டும், தலைகீழாக எழுதினால் படிக்கிறபோது தாளைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. மைண்ட் மேப்பைப் பரப்பிய டோனி புசான், ஒரு கோட்டுக்கு ஒரே ஒரு சொல் என்று சொல்வார். யோசித்துக்கொண்டே வரைகிறபோது அது சரி. ஆனால் ஒரு வாரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் ‘வீராணம்’ என்ற ஒற்றைச் சொல் அவளுக்கு எதையும் ஞாபகப்படுத்தவில்லை. வீராணம் என்ன ஆச்சு? அதனால் பெயர்ச்சொல்லோடு ஒரு செய்தியையும் சேர்த்து எழுதச் சொன்னேன்: ‘வீராணம், சென்னைக்குக் குடிநீர், 2004’. இரண்டு மூன்று சொல் தாராளமாக இருக்கலாம், முழு வாக்கியம் மட்டும் வேண்டாம்.

அம்புக்குறி, அதன் மேல் ஒரு சொல்

படம் கட்டுரையாக மாறுவது இங்கேதான். வேறு வேறு கிளையில் இருக்கிற இரண்டு வார்த்தைகளுக்கு நடுவே தொடர்பு தெரிந்தால் இரண்டாவது நிறப் பேனாவால் அம்பு போடுங்கள். வெறும் அம்பு போதாது, அது என்ன தொடர்பு என்று அதன் மேலேயே எழுத வேண்டும். எங்கள் படத்தில் மூன்று அம்பு வந்தது.

ஒன்று, கலிங்கிலிருந்து ஆக்கிரமிப்புக்கு. கலிங்கு என்பது ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிகிற இடம், பல ஊர்களில் அந்தத் தண்ணீர்தான் கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். நடுவில் கால்வாயை அடைத்து வீடு கட்டினால் கீழே இருக்கிற ஏரி காயும். அம்பின் மேல் எழுதியது: ‘கீழ் ஏரிக்குப் போகாது’.

இரண்டாவது, வண்டலிலிருந்து வண்டலுக்கு. முன்பு கோடையில் விவசாயிகள் ஏரி வண்டலை வண்டியில் அள்ளி வயலுக்கு உரமாகப் போட்டார்கள், ஏரியும் ஆழமானது. அள்ளுவது குறைந்ததும் அதே வண்டல் ஏரியை மேடாக்கியது. அம்பின் மேல்: ‘அள்ள ஆள் இல்லை’.

மூன்றாவது, போர்வெல்லுக்கும் குடிமராமத்துக்கும். சொந்தக் கிணறு வந்தவர் மதகுத் தண்ணீரை எதிர்பார்க்கவில்லை, அதனால் ஊரோடு சேர்ந்து கால்வாய் வெட்ட வரவில்லை. ‘தேவை போச்சு, ஆளும் போச்சு’ என்று அவளே எழுதினாள். அப்புறம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஏரி காய்ஞ்சா அந்தப் போர்வெல்லும் காயுமே சித்தி” என்று நிலத்தடி நீர் வரைக்கும் இன்னொரு அம்பு இழுத்தாள். அவள் கட்டுரையில் நடுவர் அடிக்கோடு போட்டது இந்த இடத்துக்குத்தான்.

எண் போடுவது

இப்போது கிளைகளுக்கு எண். கடிகாரம் சுற்றுகிற திசையில் 1, 2, 3 என்று போடாதீர்கள், வரைந்த வரிசை வேறு, சொல்கிற வரிசை வேறு. நடுவில் இருக்கிற கேள்வியைக் கேட்க வைக்கிற சிறு கிளை எதுவோ, அது முதலில். அவள் நான்காவது கிளையிலிருந்து வீராணத்தை மட்டும் பிய்த்து முதலில் வைத்தாள்: சென்னையில் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீரில் ஒரு பங்கு கடலூர் மாவட்டத்தில், சோழர் காலத்தில் வெட்டிய ஓர் ஏரியிலிருந்து வருகிறது. அப்புறம் ஏரியின் அமைப்பு, பிறகு பார்த்துக்கொண்டவர்கள் (உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் இருக்கிறது, முதலாம் பராந்தகன் காலம், 919, 921), பிறகு கைவிட்டது, கடைசியில் நான்காவது கிளையின் மீதி. ஓரத்தில் கிடந்த 39,000 வீராணத்துக்கு அடுத்த வரியில் போய் உட்கார்ந்தது.

ஒரு கிளை ஒரு பத்தி. ஒரு அம்பு, பத்தியிலிருந்து பத்திக்குப் போகிற வாக்கியம். அவள் எழுதியதிலிருந்து: “ஊர் கூடிக் கால்வாய் வெட்டிய வழக்கம் யாரும் சட்டம் போட்டதால் நின்றுபோகவில்லை, வயலுக்கு வயல் போர்வெல் வந்ததும் கூடுவதற்குக் காரணம் இல்லாமல் போனது.” இது மூன்றாவது அம்பேதான். அடுத்தடுத்து வருகிற இரண்டு பத்திக்கு நடுவே அம்பே இல்லையென்றால் வரிசையை மாற்றிப் பாருங்கள், மாற்றியும் வரவில்லையென்றால் அதில் ஒரு கிளை இந்தக் கட்டுரைக்கு வேண்டாததாக இருக்கலாம்.

பின்சேர்க்கை: கணினியில் வரையலாமா?

இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கட்டுரைக்கு நான் தாள்தான் சொல்வேன், தேர்வு அறையில் தாள்தானே இருக்கும். பெரிய பாடக் குறிப்புக்கு Freeplane வைத்திருக்கிறேன், இலவசம், இணையம் வேண்டாம். கிளைக்குள் கிளை போட `Tab`, பக்கத்துக் கிளைக்கு `Enter`, இந்த இரண்டு தெரிந்தால் போதும். படத்தைப் பிறருக்கு அனுப்புவதற்கு முன் ஒரு தடவை PDF ஆக்கித் திறந்து பாருங்கள். நான் முன்பு வைத்திருந்த ஒரு செயலியில் திரையில் ஒழுங்காக இருந்த தமிழ், PDF-இல் கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாக உடைந்து வந்தது. அப்படி வந்தால் PNG படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை

ஒருவர் இதே முறையில் உயிரியல் பாடத்தில் ரத்த ஓட்டத்துக்கு வரைந்து, குழப்பம் அதிகமானதுதான் மிச்சம் என்று எழுதியிருந்தார். அவர் சொன்னது நியாயம். இதயத்தின் வலது பக்கம், நுரையீரல், இடது பக்கம், உடல், மறுபடி வலது பக்கம் என்று ஒன்றன் பின் ஒன்றாகச் சுற்றி வருவதை நடுவிலிருந்து நாலாபக்கமும் பிரிக்க முடியாது, பிரித்தால் வரிசை தொலைந்துவிடும். அதற்கு வட்டமாக அம்பு போட்ட படம் போதும். வகை வகையாகப் பிரிகிற பாடங்களுக்கு, உதாரணமாகத் தமிழ் இலக்கணத்தில் வேற்றுமை, தொகை போன்றவற்றுக்கு, மைண்ட் மேப் நன்றாக வரும்.

படிப்பதற்காக வரைகிறவர்கள், வரைந்ததைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். மறுநாள் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெறும் தாளில் ஞாபகத்திலிருந்து மறுபடி வரையுங்கள், பிறகு பழையதைத் திருப்பிப் பார்த்து விட்டுப்போனதைச் சிவப்பில் சேருங்கள். மூன்று நாள் கழித்து இன்னொரு தடவை. அக்கா பெண்ணுக்கு முதல் தடவை சிவப்பில் வந்தது கலிங்கும் ஆயக்கட்டும், இரண்டாவது தடவை ஆயக்கட்டு மட்டும்.