36 பேருக்கு 24 ஸ்டிக்: எல்லாருக்கும் பந்து கிடைக்கிற மாதிரி ஹாக்கி ஆட்டம் அமைப்பது எப்படி?

எட்டாம் வகுப்பில் 36 பிள்ளைகள், 40 நிமிட பி.டி. பீரியடு, கையில் 24 ஸ்டிக். பெரும்பாலும் நடப்பது இதுதான்: பதினொருவர் வீதம் இரண்டு அணி பிரித்து ஒரே பந்தை உருட்டிவிடுவோம். 14 பேர் மர நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். ஆடுகிற 22 பேரிலும் ஓரத்தில் நிற்கும் பிள்ளைக்குப் பீரியடு முடியும்வரை பந்து கிட்டே வராது. அதே 36 பேரை, அதே ஸ்டிக்குகளை வைத்து, ஒரு பந்துக்கு ஆறு பேர் என்று ஆட்டத்தை மாற்றி அமைப்பதை இங்கே பார்க்கலாம்.

1. கோடு போடுவது

தலா 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலத்தில் நான்கு களங்கள் வேண்டும். அவற்றை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, இடையில் 4 மீட்டர் சந்து விட்டு, ஒரே வரிசையில் போடுங்கள். மொத்தம் 72 மீட்டருக்கு 20 மீட்டர் இடம் பிடிக்கும். முழு ஹாக்கி மைதானம் 91.4 மீட்டர் நீளம் என்பதால் அதன் ஒரு ஓரத்திலேயே இது அடங்கிவிடும்.

ஒரே வரிசை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எல்லாக் களத்திலும் கோல் அடிக்கும் திசை ஒன்றாகிவிடும்; தவறிய பந்து பக்கத்துக் களத்துப் பிள்ளையின் காலில் போய் அடிக்காமல் வெளிப்பக்கம் ஓடும். கோல் கோட்டுக்குப் பின்னால் யாரையும் நிற்க விடாதீர்கள். காத்திருப்பவர்களுக்கு இடம் நடுச் சந்துதான்.

கோலை நடுவில் வைக்க வேண்டாம். ஒவ்வொரு முனையிலும் இரண்டு மூலைகளை ஒட்டி, கோன் அல்லது செங்கல் வைத்து, 2 மீட்டர் அகலத்தில் இரண்டு கோல். நடுவில் ஒரே கோல் இருந்தால் ஆறு பேரும் ஈ மொய்ப்பதுபோல் அங்கேயே மொய்ப்பார்கள், ஒருவர் கோல் வாயிலை அடைத்துக்கொண்டு நின்றுவிடுவார். இரண்டு இருந்தால் ஒன்று அடைபட்டதும் மற்றதைத் தேட வேண்டும். அதற்குத் தலையை நிமிர்த்தியே ஆக வேண்டும், எதிர் ஓரத்தில் நிற்பவருக்கும் பந்து போகும்.

கோல்கீப்பர் தேவையில்லை. 2024-இல் மஸ்கட்டில் உலகக் கோப்பையாக நடந்த ஐவர் ஹாக்கியில்கூட கீப்பர் உண்டு; ஆனால் அவர் பாதுகாப்புக் கவசம் போட்டு நிற்பவர். நம்மிடம் அது இல்லை. கவசம் இருந்தாலும், ஆறு பேரில் இரண்டு பேரைக் கோலில் நிற்க வைத்தால் டச் யாருக்குக் கிடைக்கும்?

2. அணியும் நேரமும்

36 பேரையும் மூவர் வீதம் 12 அணியாக்குங்கள். ஒரு களத்துக்கு மூன்று அணி. இரண்டு ஆடும், ஒன்று சந்தில் நிற்கும். 3 நிமிடம் ஆட்டம், 1 நிமிடம் ஸ்டிக் கைமாற்ற. மூன்று ஆட்டம் முடிந்தால் ஒரு சுற்று, 12 நிமிடம். இரண்டு சுற்று ஆடலாம். ஒவ்வொரு பிள்ளையும் 12 நிமிடம் உண்மையாகவே ஆடியிருக்கும். மீதி நேரம் கோன் வைக்க, விதி சொல்ல, எடுத்து வைக்கப் போய்விடும்.

3. விதிகள்

புஷ் மட்டும்தான், ஸ்டிக்கை ஓங்கி அடிக்கக் கூடாது. ஸ்டிக்கின் தலை முழங்காலுக்கு மேலே போகக் கூடாது, பந்து தரையை விட்டு எழும்பக் கூடாது. வலது கை கீழே, இடது கை மேலே, தட்டைப் பக்கத்தால் மட்டும் தொட வேண்டும். இடதுகைக்காரருக்கும் இதேதான், ஹாக்கியில் இடதுகை ஸ்டிக் கிடையாது.

செம்மண் தரையில் கடினமான ஹாக்கிப் பந்து தாறுமாறாகத் துள்ளும். காற்றுப்போன பழைய டென்னிஸ் பந்து போதும், தாழ்வாக உருளும். கோலுக்குப் பின்னால் உபரியாக இரண்டு பந்து வையுங்கள். இல்லாவிட்டால் மூன்று நிமிடத்தில் ஒரு நிமிடம் பந்து பொறுக்கவே போய்விடும்.

காலில் பட்டாலோ வெளியே போனாலோ எதிரணி அதே இடத்தில் பந்தை வைத்து, தானே தட்டிக்கொண்டு கிளம்பலாம். தவறு செய்த அணி 3 மீட்டர் தள்ளி நிற்கும். விசிலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

எதிர்க் கோட்டிலிருந்து 5 மீட்டருக்குள் வந்து தள்ளினால்தான் கோல். இந்தக் கோடு இல்லையென்றால் தன் முனையிலிருந்தே தள்ளிவிட்டு நிற்கும் பழக்கம் வந்துவிடும்.

4. டச் எண்ணுவது

சந்தில் நிற்கும் மூவரும் சும்மா நிற்கப் போவதில்லை. ஆளுக்கு இரண்டு பேரைப் பார்த்து, எத்தனை முறை பந்து அவர்கள் வசம் வந்தது என்று எண்ண வேண்டும். இரண்டு பாக்கெட்டிலும் புளியங்கொட்டை போட்டுக்கொண்டு, வலப்பக்க ஆளுக்கு வலது பாக்கெட்டிலிருந்து ஒன்று, இடப்பக்க ஆளுக்கு இடது பாக்கெட்டிலிருந்து ஒன்று என்று காலடியில் தனித்தனியாகப் போட்டால் கணக்குத் தப்பாது. பந்து ஸ்டிக்குக்கு வந்து போவது ஒரு டச். தட்டித் தட்டி ஓட்டிக்கொண்டு போனாலும் அது ஒன்றுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் வாக்குவாதம் வரும்.

ஒரு ஆட்டத்தில் 11, 9, 8, 6, 3, 2 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி ஆறரை, பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது கடைசி இரண்டு எண்களை. அடுத்த ஆட்டத்தில் அந்த இரண்டு பேரை மட்டும் கவனியுங்கள். காரணம் அநேகமாக இரண்டில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று, எதிராளியின் முதுகுக்குப் பின்னால் நிற்பது. பந்து வைத்திருப்பவருக்கு அந்தப் பிள்ளை கண்ணிலேயே படாது. “கோட்டை ஒட்டி வெளியே வா” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பலர் இப்படி மறைந்தால் களத்தின் அகலத்தை 18 மீட்டராக்குங்கள். நான்கையும் அகலமாக்கி, சந்தை 4 மீட்டராகவே விட்டாலும் மொத்தம் 84 மீட்டர்தான் ஆகும்.

இன்னொன்று, பந்து வருகிறது, நிறுத்த முடியவில்லை. நிறுத்துவதற்குள் எதிராளி பறித்துவிடுகிறார், அப்புறம் கூட்டாளிகள் பாஸ் கொடுப்பதையே விட்டுவிடுகிறார்கள். இதற்கு அகலம் உதவாது. பந்து வாங்குபவர் அதை நிறுத்தும்வரை எதிராளி 2 மீட்டருக்குள் வரக் கூடாது என்று எல்லாருக்கும் பொதுவாக ஒரு விதி போடுங்கள். நிறுத்திய பிறகு ஒருமுறையாவது நிமிர்ந்து பார்க்க முடிகிறதென்றால் விதி வேலை செய்கிறது. பந்து நின்று, எதிராளியும் நின்று, ஆட்டமே தூங்கினால் விதியை எடுத்துவிடலாம்.

5. ஒருவரே எல்லாம் செய்தால்

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது, “மூவரும் தொட்டால்தான் கோல்” என்ற விதி. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். எதிரணி அந்த மூன்றாவது பிள்ளையை மட்டும் மறித்துக்கொண்டால் போதும். கோல் தவறும் ஒவ்வொரு முறையும் திட்டு அந்தப் பிள்ளைக்குத்தான் விழும்.

அதற்குப் பதில் மதிப்பெண்ணை மாற்றுங்கள். கோல்களின் எண்ணிக்கையைக் கோல் போட்டவர்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். ஒருவரே நான்கு கோல் போட்டால் 4 × 1 = 4. மூவர் ஆளுக்கொன்று போட்டால் 3 × 3 = 9. இரண்டாவது ஆட்டத்துக்குள் கெட்டிக்காரப் பிள்ளையே கணக்குப் போட்டு, கோல் போடாதவரைத் தேடிப் பாஸ் கொடுக்க ஆரம்பித்துவிடும்.

கோவில்பட்டி மாதிரி ஹாக்கி ஊர் என்றால் சிக்கல் வேறு: கிளப்பில் தினமும் ஆடுகிற பிள்ளையும், ஸ்டிக்கையே இன்றுதான் பிடிக்கிற பிள்ளையும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். முதல் சுற்று முடிந்ததும் ஒவ்வொரு களத்திலும் முதலில் வந்த அணி ஒரு களம் மேலே, கடைசி அணி ஒரு களம் கீழே போகட்டும். முதல் களத்தின் முதல் அணியும், நான்காம் களத்தின் கடைசி அணியும் அப்படியே இருக்கும். ஓரிரு பீரியடில் கெட்டிக்காரர்கள் ஒரு களத்தில் சேர்ந்து ஒருவரை ஒருவர் மடக்கிக்கொண்டிருப்பார்கள். புதியவர்களின் களத்தில் மட்டும் 2 மீட்டர் விதி இருக்கட்டும்.

ஒரு ஆட்டத்தின் குறைந்தபட்ச டச் எண்ணிக்கை பெரும்பாலும் ஐந்தைத் தொடும்போது இரண்டு களங்களை இணைத்து ஐவருக்கு ஐவர் ஆடிப் பாருங்கள். அங்கே எண் மறுபடி இரண்டு, மூன்றாக விழுந்தால் இன்னும் இரண்டு வாரம் மூவர் ஆட்டத்திலேயே இருக்கலாம்.