‘இன்னும் அனுப்பலையா?’ என்று கேட்டால் ‘எஸ்’ என்று மட்டும் போடாதீர்கள்

ஒரே ஒரு சொல்லைத் தட்டி அனுப்பி ஒரு மதியத்தைக் கெடுத்துக்கொண்ட கதை இது. எங்கள் குழுவில் தமிழ் தெரியாத ஒருவர் சாட்டில் இப்படிக் கேட்டிருந்தார்:

```
You haven't sent the file to the client yet, have you?
```

நான் வேறொரு வேலையின் நடுவே இருந்தேன். மனதுக்குள் ‘ஆமா, இன்னும் அனுப்பலை’ என்று ஓடியது. விரல் அதில் முதல் சொல்லை மட்டும் மொழிபெயர்த்து ‘எஸ்’ என்று தட்டிவிட்டது. அவர் படித்தது, ‘அனுப்பிட்டேன்’ என்று. அந்த ஃபைலில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் அவர் கேட்டே இருக்கிறார். பதறிப்போய், ‘முன்பு அனுப்பியதைப் பொருட்படுத்த வேண்டாம், திருத்தியது இதோ’ என்று வாடிக்கையாளருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிவிட்டார். ‘முன்பு எதை அனுப்பினீர்கள்? எங்களுக்கு ஒன்றும் வரவில்லையே’ என்று அங்கிருந்து பதில் வந்தபோதுதான் எங்கள் இருவருக்கும் நடந்தது புரிந்தது.

அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட முறையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். ஆங்கில இலக்கணம் சொல்லித்தரும் பதிவு இல்லை. கேள்வியைப் படித்து, ஐந்து நொடியில் பதில் தட்டி, தவறாகப் புரிந்துகொள்ளப்படாமல் தப்பிப்பது எப்படி என்பது மட்டும்தான்.

முதலில், எங்கே புரள்கிறது?

தமிழில் ‘ஆமா’ என்பது கேட்டவரின் எண்ணத்துக்குப் பதில். ‘நீங்கள் நினைப்பது சரி’ என்று அர்த்தம். ‘அனுப்பலையா?’ என்று கேட்டவர் அனுப்பவில்லை என்று நினைக்கிறார். ‘ஆமா’ என்றால் அந்த நினைப்பு சரி, அதாவது அனுப்பவில்லை.

ஆங்கிலத்தின் ‘எஸ்’ கேட்டவர் என்ன நினைக்கிறார் என்று பார்ப்பதில்லை, நடந்ததைப் பார்க்கிறது. அனுப்பியிருந்தால் எஸ், அனுப்பாவிட்டால் நோ. கேள்வியை எப்படித் திருப்பிப் போட்டுக் கேட்டாலும் இதுதான் விதி. எதிர்மறை இல்லாத கேள்வியில் இரண்டு மொழிகளின் முறையும் ஒரே பதிலைத் தருவதால் வித்தியாசமே தெரிவதில்லை. எதிர்மறைக் கேள்வி வரும்போதுதான் இரண்டும் எதிரெதிராகப் போகின்றன.

படி 1: எதிர்மறையைக் கண்ணால் பிடியுங்கள்

`not`, `n't`, `never` இவை இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. ஒன்று மட்டும்: போனில் வேகமாகப் படிக்கும்போது அந்தச் சின்ன `n't` கண்ணில் படாமலே போகும். கேள்வியின் கடைசியில் `yet` இருந்தால் ஒருமுறை மேலே போய்ப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே ஒன்று ஒளிந்திருக்கும்.

படி 2: ‘இல்லை’யை எடுத்துவிட்டுக் கேள்வியைப் படியுங்கள்

மேலே உள்ள கேள்வியில் எதிர்மறையையும் `have you?` என்ற வாலையும் வெட்டினால் மிஞ்சுவது ‘ஃபைலை அனுப்பியாயிற்றா?’ என்பதுதான். இதற்கு உங்கள் பதில் ‘இல்லை’. அப்படியானால் ஆங்கிலத்திலும் நோ. அவ்வளவுதான் விதி.

படி 3: எஸ்ஸும் வேண்டாம், நோவும் வேண்டாம்

இங்கேதான் எனக்கும் புத்தகங்களுக்கும் ஒத்துப்போவதில்லை. இரண்டாம் படியைச் சரியாகச் செய்தால் போதும் என்றுதான் அவை சொல்லும். நானும் இரண்டு வாரம் அப்படியே செய்தேன், பிறகு விட்டுவிட்டேன். நீங்கள் ஆங்கில முறையில் பதில் சொல்கிறீர்களா, தமிழ் முறையில் சொல்கிறீர்களா என்று எதிரே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? ஜப்பானிய மொழியின் ‘ஹாய்’, கொரிய மொழியின் ‘நே’ இரண்டும் நம் ‘ஆமா’ போலத்தான் நடந்துகொள்கின்றன. அதனால் ஒரு ஜப்பானியரும் நீங்களும் ஆங்கிலத்தில் பேசும்போது, அவர் போட்ட ‘எஸ்’ எந்த முறைப்படி வந்தது என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இப்படிப்பட்ட கேள்விக்குத் தனியாக ஒரு ‘எஸ்’ வந்தால், ‘எஸ் என்றால் அனுப்பியாச்சா, அனுப்பலையா?’ என்று திருப்பிக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். தனி ‘நோ’ அந்த அளவுக்குக் குழப்பாது. தனி ‘எஸ்’தான் ஆபத்து.

ஆகவே நடந்ததை மட்டும் சொல்லுங்கள்:

```
Not sent yet.
Sent at 2:10.
```

எந்த மொழிக்காரர் படித்தாலும் இது புரளாது. ‘ஆமா’ சொல்லியே ஆகவேண்டும் என்று நாக்கு துடித்தால், அதற்கு ஆங்கிலத்தில் சரியான இணை `Right` என்பது. ‘நீங்கள் நினைப்பது சரி’ என்ற பொருள் அதில் அப்படியே வருகிறது. `Right, not yet` என்று எழுதலாம். அவர் நினைப்பது தவறு, நீங்கள் ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் `I did, actually`. இந்த இரண்டையும் மனப்பாடம் செய்தால் பாதி வேலை முடிந்தது.

(இடையில் ஒரு சின்ன விலகல். மறுத்துச் சொல்வதற்கென்றே பிரெஞ்சில் ‘சி’, ஜெர்மனில் ‘டோஹ்’ என்று தனிச் சொற்கள் உண்டு. ‘அனுப்பலையா?’ என்றால் ‘சி’ என்று ஒரே சொல்லில் ‘இல்லையே, அனுப்பிட்டேன்’ என்று சொல்லிவிடலாம். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் சாதாரணக் கேள்விக்கு யே, நே என்றும், எதிர்மறைக் கேள்விக்கு எஸ், நோ என்றும் நான்கு சொற்கள் இருந்தன. 16ஆம் நூற்றாண்டில் பைபிளை மொழிபெயர்த்த வில்லியம் டின்டேல் இவற்றை மாற்றிப் போட்டுவிட்டதாக எழுத்தாளர் தாமஸ் மோர் கண்டித்து எழுதினார். அப்போதே அந்தப் பிரிவு கரைந்துகொண்டிருந்தது. நமக்கு மிஞ்சியது இரண்டே சொற்கள்.)

படி 4: அடுத்தவர் ‘எஸ்’ போட்டால்

நான் இரண்டாவது முறை விழுந்தது இந்தப் படியில்தான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஒருவரிடம் கேட்டேன், ‘சர்வர் இன்னும் சரியாகவில்லையா?’ என்று, ஆங்கிலத்தில். அவர் ‘எஸ்’ என்றார். எனக்குச் சந்தேகம். நான் மேலே சொன்ன அத்தனையும் தெரிந்தவன் அல்லவா, உஷாராகத் திரும்பக் கேட்டேன்:

```
So it's still not working?
```

அதற்கும் ‘எஸ்’ என்று வந்தது. இப்போது என்ன தெரிந்துகொண்டேன்? ஒன்றுமில்லை. முதல் ‘எஸ்’ எந்த முறையோ அதே முறைதான் இரண்டாவதும். எதிர்மறைக் கேள்வியில் எழுந்த சந்தேகத்தை இன்னொரு எதிர்மறைக் கேள்வியால் தீர்க்க முடியாது. தமிழில் சிந்திக்கும் நமக்கு ‘அப்போ இன்னும் ஆகலை?’ என்று கேட்பது இயல்பாக வந்துவிடுவதால் இது தெரியாமலே நடக்கும்.

எஸ், நோ என்று பதில் சொல்லவே முடியாதபடி கேளுங்கள்:

```
Is it up or down now?
```

இதற்கு யாரும் ‘எஸ்’ போட முடியாது. போட்டால் அவர் கேள்வியைப் படிக்கவே இல்லை என்று தெரிந்துவிடும், அதுவும் நல்லதுதான். இன்னும் ஒன்று: நீங்களே முதலில் கேட்கும்போதும் ‘அனுப்பலையா?’ என்று தொடங்காமல் ‘அனுப்பியாச்சா?’ என்றே தொடங்குங்கள். ‘இன்னுமா அனுப்பலை?’ என்ற குத்தலும் அதில் போய்விடும்.

சாட்டுக்கே உரிய சில வில்லங்கங்கள்

கட்டைவிரல் குறி. எதிர்மறைக் கேள்வியின் மேல் கட்டைவிரலைப் போடுவதைவிட மோசமான பதில் எனக்குத் தெரிந்து இல்லை. ‘பார்த்தேன்’ என்பதா, ‘ஆமா, அனுப்பலை’ என்பதா, ‘அனுப்பியாச்சு, கவலை வேண்டாம்’ என்பதா? அறிவிப்புகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், கேள்விக்கு வேண்டாம்.

எடிட் வசதியை நம்பாதீர்கள். நீங்கள் ‘எஸ்’ஸை அழித்து ‘நோ’ ஆக்குவதற்குள் பூட்டுத் திரையில் வந்த அறிவிப்பைப் படித்துவிட்டு அவர் வேலையைத் தொடங்கியிருப்பார். தவறிவிட்டால் புதிய செய்தியாகவே திருத்தம் போடுங்கள்.

கேள்வியை மேற்கோள் காட்டிப் பதில் சொல்லும் வசதியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் எந்தக் கேள்விக்குப் பதில் என்பதைத்தான் அது காட்டும். எந்தப் பக்கம் சொல்கிறீர்கள் என்பதைக் காட்டாது.

எனக்கு உண்மையில் கைகொடுத்தது போன் கீபோர்டில் உள்ள குறுக்குச்சொல் வசதிதான். `nnt` என்று தட்டினால் `Not yet. Will tell you when done.` என்று விரிகிறது. சுருக்கமாகத் தட்ட வேண்டும் என்ற ஆசையும் தீர்கிறது, பதிலும் முழுசாகப் போகிறது.

பிற்சேர்க்கை 1

‘தமிழர் இருவர் தமிழில் பேசினால் இந்தப் பிரச்சினை இல்லைதானே?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இருக்கிறது, வேறு மாதிரி. ‘பணம் வரலையா?’ என்ற கேள்விக்கு ‘ஆமா’ என்றாலும் வரவில்லை. ‘இல்ல’ என்றாலும் பெரும்பாலும் வரவில்லைதான். ஏனென்றால் ‘இல்லை’ என்பது பதில் சொல் மட்டுமல்ல, ‘வரவில்லை’யின் வாலும் அதுதான். கேள்வியில் இருந்த வாலையே திருப்பிச் சொல்கிறோம். மறுக்க வேண்டுமானால் நமக்கு ஏகாரம் தேவைப்படுகிறது: ‘வந்துடுச்சே’, ‘இல்லையே, வந்தாச்சே’. பிரெஞ்சின் ‘சி’ செய்யும் வேலையை நம் ‘ஏ’ செய்கிறது.

பேச்சில் குரல் இழுப்பில் இது தெளிவாகக் கேட்கும். சாட்டில் அந்த ‘ஏ’ முதலில் உதிரும். போதாததற்கு, பலர் வரியை உடைத்து அனுப்புகிறார்கள்: முதலில் ‘இல்ல’, பத்து நொடி கழித்து ‘வந்துடுச்சு’. அந்தப் பத்து நொடியில் எதிரே இருப்பவர் வங்கிக்கே போன் போட்டிருப்பார். ஒரே செய்தியில், வினைச்சொல்லோடு: ‘வந்துடுச்சு’. முன்னால் ‘இல்ல’ வேண்டவே வேண்டாம்.

பிற்சேர்க்கை 2

இன்னொரு வாசகர் நினைவூட்டியது. `not` எதுவும் இல்லாமலே புரளும் கேள்வி ஒன்று உண்டு:

```
Do you mind if I move the call to Monday?
```

‘உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?’ என்பதுதான் கேள்வி. சம்மதம் என்று நினைத்துத் தனியாக ‘எஸ்’ போட்டால் ‘ஆட்சேபம் உண்டு’ என்று முகத்தில் அடித்தது போல ஆகிவிடும். இலக்கணப்படி சம்மதத்துக்கு ‘நோ’தான் சரி. ஆனால் அதைத் தனியாகப் பார்த்தால் மறுப்பு போலத் தெரிகிறது என்று நம்மவர்கள் போடத் தயங்குகிறார்கள். மூன்றாம் படியே இங்கும் போதும்: `Monday is fine`. முடியாது என்றால் `Monday won't work for me`.