பணச் சண்டைக்குப் பிறகு அனுப்பும் செய்தி: “நாளை மாலை பேசுவோமா?” என்று எழுதுவது எப்படி

கோத்தகிரிப் பக்கம் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு ஒரு ஏக்கர் தேயிலை. மனைவி கடைவீதியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறார். தேயிலைத் தொழிற்சாலைக்குக் கொடுக்கும் பச்சை இலைக்கான பணம் பெரும்பாலும் அடுத்த மாதம்தான் கைக்கு வரும். எனவே ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்துக்கென்று கூட்டுக் கணக்கில் கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தார்கள். ஒரு நாள் காலை, அதிலிருந்து 40,000 ரூபாய் எடுக்கப்பட்டதாக மனைவியின் போனுக்குக் குறுஞ்செய்தி வருகிறது. பழைய பிக்கப் வண்டி வாங்கும் தம்பிக்கு முன்பணமாகக் கணவர் கொடுத்திருக்கிறார், வீட்டில் சொல்லவில்லை. சண்டை மூள்கிறது. “உங்கள் வீட்டாருக்கு நம் கணக்கு திறந்து போட்ட கதவு” என்கிறார் மனைவி. “தோட்டத்தில் முதுகு வளைகிறவன் நான்” என்கிறார் கணவர். காபியைக் குடிக்காமலே கிளம்பிப் போய்விடுகிறார்.

மதிய இடைவேளையில் மனைவி செய்தி எழுத உட்காருகிறார். இந்தச் செய்திக்கு உள்ள வேலை ஒன்றே ஒன்றுதான்: பேச ஒரு நேரத்தைக் குறிப்பது. வழக்கைத் தீர்ப்பது அதன் வேலையல்ல. பலர் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

முதல் படி: வாட்ஸ்அப் பெட்டிக்குள் எழுதாதீர்கள்

தவறுதலாக விரல் பட்டால் பாதிச் செய்தி போய்விடும். அதைவிட மோசம், குடும்பக் குழுவுக்குப் போய்விடும். நீங்கள் எழுதிக்கொண்டே இருப்பதும் எதிர்ப்பக்கத்துத் திரையில் தெரியும். போனில் குறிப்பு எழுதும் செயலியிலோ, ஒரு தாளிலோ எழுதுங்கள். குரல் பதிவு வேண்டவே வேண்டாம். இலை எடை போடும் இடத்தில் நான்கு பேர் நடுவே அவர் அதை ஒலிக்கவிட்டால், பேச்சு தொடங்கும் முன்பே முடிந்துவிடும்.

இரண்டாம் படி: மனத்தில் உள்ளதை அப்படியே கொட்டுங்கள், அனுப்பாதீர்கள்

நம் கதையில் முதலில் வந்தது இது:

“நீங்கள் எப்போதும் இப்படித்தான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் 40,000 ரூபாயைத் தூக்கிக் கொடுத்துவிட்டீர்கள். பிள்ளையின் ஃபீஸுக்கு நான் எங்கே போவேன்? உங்கள் தம்பி வாங்கிய பணத்தை என்றைக்குத் திருப்பித் தந்திருக்கிறார்? நாளைக்கு எனக்கு ஒரு முடிவு தெரிய வேண்டும்.”

இதில் பொய் எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் இதைப் படிக்கிறவருக்கு வாதாட மட்டுமே தோன்றும். “எப்போதும்” என்ற சொல்லைப் பார்த்ததும், அப்படி இல்லாத நாட்களைத் தேடத் தொடங்குவார். தொகையைப் பார்த்தால், “உன் தம்பியின் கல்யாணத்துக்குச் செய்தது எவ்வளவு?” என்று பதில் கணக்கு வரும். கொழுந்தனைப் பற்றிய வரி அண்ணனைத் தம்பிக்குக் காவலாக நிறுத்திவிடும். “ஒரு முடிவு தெரிய வேண்டும்” என்பதோ மிரட்டல்.

தம்பதியரின் சச்சரவுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், சிபில் கரேருடன் சேர்ந்து 1999இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். சச்சரவுப் பேச்சின் முதல் மூன்று நிமிடங்கள் போகும் விதமே அந்த மணவாழ்வு பின்னால் எங்கே போகும் என்பதை ஓரளவு காட்டிவிடுகிறது என்பது அதன் சாரம். அந்த ஆய்வு நேரில் பேசிய புதுமணத் தம்பதியரைப் பற்றியது. என்றாலும், நாளை மாலைப் பேச்சின் முதல் நிமிடம் இன்றைய செய்திதான் என்பது என் கருத்து.

மூன்றாம் படி: உங்கள் பங்கை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்

“ஏதாவது தவறாகப் பேசியிருந்தால் மன்னிக்கவும்” என்பது செல்லாது. எதைப் பேசினோம் என்றே தெரியாதது போன்ற நடிப்பு அது. சொன்ன சொல்லைக் குறிப்பிட்டு வருந்துங்கள். “ஆனால்” போட்டு அந்த வாக்கியத்தை நீட்டாதீர்கள். அதற்காக உங்கள் குறையை விழுங்கவும் வேண்டாம். அடுத்த வாக்கியத்தில் அது தனியாக நிற்கட்டும். அமைதிக்காக அதை மறைத்தால் நாளை மாலை வேறு வடிவில் வெடிக்கும்.

நான்காம் படி: நேரமும் எல்லையும்

“உங்களிடம் பேச வேண்டும்” என்று மட்டும் எழுதினால், மீதி நாள் முழுக்க அவர் பயத்துடனோ கோபத்துடனோ இருப்பார். எதைப் பற்றி, எப்போது, எவ்வளவு நேரம் என்று சொல்லுங்கள். எதைப் பற்றிப் பேசப் போவதில்லை என்பதையும் சொல்லுங்கள். பாதி இறுக்கம் அந்த ஒரு வரியிலேயே தளர்ந்துவிடும். இன்று இரவைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். இல்லாவிட்டால் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி இருவரும் மற்றவர் தொடங்கட்டும் என்று காத்திருப்பார்கள். நேரம் குறிக்கும்போது அவருடைய நாளையும் பாருங்கள். இலையைக் கொடுத்துவிட்டு வந்து, குளித்து, ஏதாவது சாப்பிட்ட பிறகு என்றால் நல்லது.

திருத்திய செய்தி இப்படி வந்தது:

“காலையில் உங்கள் வீட்டாரை இழுத்துப் பேசியது தவறு, வருந்துகிறேன். என்னிடம் சொல்லாமல் பணம் எடுத்தது எனக்கு இன்னும் வலிக்கிறது, அதைப் பேசத்தான் வேண்டும். இன்று இரவு வேண்டாம். நாளை மாலை ஏழரை மணிக்கு, பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, முக்கால் மணி நேரம் உட்காருவோமா? இரண்டு விஷயம் மட்டும்: ஜூன் ஃபீஸுக்கு என்ன வழி, இனி பெரிய தொகை எடுக்கும் முன் எப்படிச் சொல்லிக்கொள்வது. தம்பியிடம் பணத்தை உடனே திருப்பிக் கேளுங்கள் என்று சொல்லப்போவதில்லை. அந்த நேரம் சரிப்படாது என்றால் வேறு நேரம் சொல்லுங்கள். இரவு சாப்பிட வந்துவிடுங்கள்.”

தொகை எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அது இருவருக்கும் தெரியும், பாஸ்புக்கிலும் இருக்கிறது. “சரி” என்ற ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிடலாம் என்பதும் முக்கியம். கோபத்தில் இருக்கிறவரிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது வீண்.

அனுப்பிய பிறகு

ஒற்றை டிக் மட்டும் தெரிந்தால், அவர் பார்க்க மறுக்கிறார் என்று கற்பனை செய்யாதீர்கள். நம் மலையில் ஒரு வளைவுக்கு இருக்கும் சிக்னல் அடுத்த வளைவில் இருப்பதில்லை. நீல டிக் விழுந்தும் பதில் இல்லையா? அன்று மாலை வரை விடுங்கள். இரண்டாவது செய்தி முதல் செய்தியைக் கெடுத்துவிடும்.

“பேச என்ன இருக்கிறது?” என்று பதில் வந்தால் விளக்க இறங்காதீர்கள். “எனக்கு இருக்கிறது. நாளை ஏழரைக்குக் காத்திருப்பேன்” என்பது போதும். நம் கதையில் கணவர் அனுப்பிய பதில் “எட்டு மணி”. அதில் அன்பு இல்லையே என்று தேடாமல், எட்டு மணியை ஏற்றுக்கொண்டு “சரி” என்று முடித்துவிட வேண்டும்.

ஒரு வரம்பு உண்டு. பணத்தைப் பற்றிக் கேட்டாலே அடி விழும் வீட்டில், உங்கள் சம்பளத்தையே பிடுங்கி வைத்துக்கொள்ளும் வீட்டில், இந்த முறை வேலை செய்யாது. தனியாக உட்கார்ந்து பேச அழைப்பது ஆபத்தாகவும் முடியலாம். அங்கே நம்பகமான ஒருவரிடம் முதலில் சொல்லுங்கள். பெண்கள் உதவி எண் 181க்கும் அழைக்கலாம்.

மற்றவர்கள், நாளை மாலைக்குள் பாஸ்புக்கைப் பதிவிட்டு, பள்ளியில் தவணை தருவார்களா என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணிக்கு அந்த இரண்டு தகவல்களும் மேசைமேல் இருந்தால், முதல் விஷயம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி நேரம் இரண்டாவதற்குத் தேவைப்படும்.