மீதிக் காசு கேட்டு வட்ஸ்அப் அனுப்பும்போது விடும் தவறுகள்

"அக்கா, காசு இன்னும் வரேல்லையே." கொழும்பில் சிறு கடைகளிலிருந்து போகும் மெசேஜ் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். எவ்வளவு, எந்த ஓடருக்கு என்று வாடிக்கையாளர் தேடவேண்டும். தேட நேரமில்லாதவர் பிறகு பார்ப்போம் என்று விட்டுவிடுவார். அதோடு "இன்னும்" என்ற சொல்லே குற்றம் சாட்டுவதுபோல் ஒலிக்கிறது.

தொகையை மட்டும் எழுதினாலும் போதாது. 300 கல்யாண அழைப்பிதழ், ஒன்று 180 ரூபா, மொத்தம் 54,000, முற்பணம் 20,000 என்று வைத்துக்கொள்வோம். "34,000 தரவேண்டும்" என்று மட்டும் எழுதினால், முற்பணம் கழித்த கணக்கா என்ற சந்தேகம் வரும். அதைக் கேட்கக் கூச்சப்பட்டே பலர் பதில் போடாமல் இருப்பார்கள். இப்படி எழுதுங்கள்:

"வணக்கம் அக்கா. அழைப்பிதழ் ஓடர் இல. 2316. மொத்தம் ரூ. 54,000, நீங்கள் தந்த முற்பணம் ரூ. 20,000, மீதி ரூ. 34,000. வசதிப்படும்போது போட்டுவிடுங்கள். போடும்போது குறிப்பில் 2316 என்று எழுதினால் உதவியாக இருக்கும். ஏற்கெனவே போட்டிருந்தால் சிலிப்பை மட்டும் அனுப்புங்கள்."

ஓடர் இலக்கத்தைக் குறிப்பில் எழுதச் சொல்வது வெறும் சம்பிரதாயம் அல்ல. காசு பலமுறை கணவரின் கணக்கிலிருந்தோ தம்பியின் கணக்கிலிருந்தோ வரும். வங்கிக் கூற்றில் தெரியாத பெயரைப் பார்த்துவிட்டு, காசு கட்டியவரிடமே மறுபடி கேட்டால் அந்த வாடிக்கையாளர் மனம் கசந்துபோவார். எனவே மெசேஜ் எழுதுமுன் கணக்கைத் திறந்து, பெயரை மட்டுமல்ல, அதே தொகை வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கணக்கு விபரத்தைப் படமாக அனுப்பாதீர்கள். படத்தைப் பார்த்து இலக்கங்களைத் தட்டும்போது ஒன்று மாறினாலும் சிக்கல்தான். பெயர், வங்கி, கிளை ஒரு மெசேஜில் இருக்கட்டும். கணக்கு இலக்கம் தனி மெசேஜாகப் போகட்டும். அழுத்திப் பிடித்தால் இலக்கம் மட்டும் கொப்பியாகும்.

நினைவூட்டலில்தான் தெரியாமலே நெருக்கடி கொடுத்துவிடுகிறோம். "நீல டிக் விழுந்திருக்கே", "எங்களுக்கும் கடைக்காரருக்குக் கட்டவேண்டும்" இரண்டுமே நெருக்கடிதான். இரவு பத்து மணிக்கு அனுப்புவதும், குடும்பக் குழுவில் கேட்பதும் அப்படியே. நாலைந்து நாள் விட்டு, பகல் வேளையில் ஒருமுறை அனுப்புங்கள். பழைய மெசேஜை அவர் மேலே தேடிப் போகாதபடி இலக்கத்தையும் தொகையையும் திரும்ப எழுதுங்கள்: "அக்கா, ஓடர் 2316, மீதி ரூ. 34,000. ஒரு நினைவூட்டல் மட்டும். மாத முடிவில்தான் வசதி என்றாலும் சரி, ஒரு திகதி சொல்லுங்கள், குறித்துவைக்கிறேன்." அவரே சொன்ன திகதி வரும்வரை மறுபடி கேட்காதீர்கள். அன்று போயா தினமாக இருந்தால் வங்கிக் கவுண்டரில் கட்டுபவருக்கு வழியில்லை. அடுத்த வேலைநாள் வரை பொறுங்கள்.

காசு வந்ததும் "ரூ. 34,000 கிடைத்தது, ஓடர் 2316 கணக்கு முடிந்தது, நன்றி அக்கா" என்று அன்றே அனுப்பிவிடுங்கள்.